கையெழுத்துப் போடாத கைடும் மேலே போகும் கதவும்

ஆய்வு மாணவர்களுக்குச் சாதி பெரும்பாலும் வசைச்சொல்லாக வருவதில்லை. போடப்படாத கையெழுத்தாக வருகிறது. ஆறு மாத அறிக்கையில் ஒரு கையெழுத்து, உதவித்தொகை தொடர்வதற்கான சான்றில் ஒரு கையெழுத்து, கருத்தரங்கிற்குப் போக ஒரு கையெழுத்து, கடைசியில் ஆய்வேட்டின் முதல் பக்கத்துச் சான்றிதழில் ஒரு கையெழுத்து. இவை அனைத்தும் ஒரே ஆளின் கையில் இருக்கின்றன. அவரை ஆவணங்களில் நெறியாளர் என்கிறோம், பேச்சில் கைடு என்கிறோம். அவரே சிக்கலாகும்போது யாரிடம் போவது? முனைவர் பட்ட ஆய்வில் இருக்கும் எல்லோரையும் போல நானும் இந்தக் கேள்வியை விடுதி அறைகளிலும் கேன்டீனிலும் பலமுறை கேட்டிருக்கிறேன். “பொறுத்துப் போ, பட்டம் வாங்கிட்டுப் பேசிக்கலாம்” என்பதுதான் அதற்குக் கிடைக்கும் வழக்கமான பதில். அந்தப் பதில் ஏன் பழக்கமாகிப் போனது என்பதையும், விதிகளில் எழுதிவைக்கப்பட்டிருக்கும் வேறு வழி எவ்வளவு தூரம் நம்மைக் கொண்டுபோகும் என்பதையும் பார்ப்போம்.

ஐ.டி. நிறுவனங்களில் வேலை செய்யும் தோழர்களிடம் கேட்டால் ஸ்கிப் லெவல் மீட்டிங் என்ற ஒன்றைச் சொல்வார்கள். மேனேஜருக்கு மேலே இருப்பவர், இடையில் அந்த மேனேஜர் இல்லாமல், ஊழியரை நேரடியாகச் சந்திப்பதுதான் அது. பல நிறுவனங்களில் அது வெறும் சடங்காகிவிட்டது, அங்கே சொன்னது மறுநாளே மேனேஜர் காதுக்குப் போய்விடுகிறது என்ற குறைகள் உண்டு. ஆனாலும் அதில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. ஊழியர் புகார் கொடுத்ததால் அந்தச் சந்திப்பு நடப்பதில்லை. காலண்டரில் குறிக்கப்பட்டு எல்லோருக்கும் நடக்கிறது. அதனால் உள்ளே போகிறவர் ‘புகார் சொல்லப் போகிறவர்’ என்று அடையாளப்படுவதில்லை.

பல்கலைக்கழகத்தில் அப்படி ஒரு சந்திப்பு இருக்கிறதா? இருப்பது போலத் தெரியும். யு.ஜி.சி. 2022-இல் கொண்டுவந்த பிஎச்.டி. விதிமுறைகளின்படி ஒவ்வொரு ஆய்வாளருக்கும் ஓர் ஆய்வு ஆலோசனைக் குழு இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் நாம் டாக்டோரல் கமிட்டி என்று சொல்வது இதைத்தான். ஒவ்வொரு பருவத்திலும் மாணவர் இதன் முன் நின்று தன் வேலையை விளக்க வேண்டும். பணி திருப்தியில்லை என்றால் குழு அதற்கான காரணத்தைப் பதிவுசெய்து, திருத்தும் வழியையும் சொல்ல வேண்டும். மாணவர் அதையும் செய்யத் தவறினால் பதிவை ரத்துசெய்யப் பரிந்துரைக்கலாம். இத்தனை அதிகாரம் உள்ள இந்தக் குழுவின் ஒருங்கிணைப்பாளர் யார் என்று பாருங்கள். விதி தெளிவாகச் சொல்கிறது: அந்த மாணவரின் நெறியாளர்தான். கூட்டத்தைக் கூட்டுவது அவர், அறையில் உட்கார்ந்திருப்பது அவர். மற்ற உறுப்பினர்களும் பெரும்பாலும் அவருடைய சக ஆசிரியர்கள். “என் நெறியாளர் நான்கு மாதமாக என் அத்தியாயத்தைப் படிக்கவில்லை” என்று அந்த அறையில் யார் வாய் திறப்பார்கள்?

குழுவுக்கு அப்பால் துறைத் தலைவர் இருக்கிறார். பல பல்கலைக்கழகங்களில் அது சுழற்சிப் பதவி. இன்று துறைத் தலைவராக இருப்பவர் நாளை வெறும் பேராசிரியர், நாளை துறைத் தலைவராக வரப்போகிறவர் உங்கள் நெறியாளராகவே இருக்கலாம். இருவரும் ஒரே சாதிச் சங்கத்து விழாவில் மேடையேறுபவர்களாகவும் இருக்கலாம். ஆகவே மேலே போகும் ஏணி இருக்கிறது, ஆனால் முதல் இரண்டு படிகளும் நெறியாளர் நிற்கும் அதே தரையில்தான் இருக்கின்றன.

இங்கேதான் ஆம்பட்ஸ்பர்சன் என்று ஆங்கிலத்தில் சொல்லப்படும் குறைதீர்ப்பாளர் வருகிறார். இந்தப் பெயரால் நம் மாணவர்களிடையே ஒரு குழப்பம் இருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆம்பட்ஸ் அலுவலகம் என்பது மாணவர் முதலில் போய்ப் பேசும் இடம். புகார் எழுதித் தர வேண்டியதில்லை. பேசியது ரகசியமாக இருக்கும், அவர் தீர்ப்பு எதுவும் சொல்ல மாட்டார், இன்னின்ன வழிகள் இருக்கின்றன என்று சொல்லி, விரும்பினால் இடையில் நின்று பேசிப் பார்ப்பார். நம் நாட்டில் யு.ஜி.சி. 2023 ஏப்ரலில் அறிவித்த மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகளில் இருக்கும் குறைதீர்ப்பாளர் அப்படிப்பட்டவர் அல்ல. அவர் மேல்முறையீட்டைக் கேட்பவர். மற்றக் கதவுகளைத் தட்டி முடித்த பிறகே அவரிடம் போக முடியும். இதை அறியாமல் நேரடியாக அவருக்கு மின்னஞ்சல் எழுதினால், “முதலில் குழுவை அணுகவும்” என்ற ஒற்றை வரி பதிலாக வரும். அதற்குள் விஷயம் துறைக்குத் தெரிந்திருக்கும், கையிலோ எதுவும் இருக்காது.

விதிப்படி முதல் கதவு மாணவர் குறைதீர்ப்புக் குழு. ஒரு பேராசிரியர் தலைவர், நான்கு பேராசிரியர்கள் அல்லது மூத்த ஆசிரியர்கள் உறுப்பினர்கள், சிறப்பு அழைப்பாளராக ஒரு மாணவர். பல்கலைக்கழகம் இதற்கென இணையதளத்தில் புகார்ப் பக்கம் வைத்திருக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மை, மாற்றுத்திறனாளி மாணவர்களும் பெண்களும் தரும் பாகுபாட்டுப் புகார்கள் ‘குறை’ என்பதன் வரையறைக்குள்ளேயே இருக்கின்றன. உதவித்தொகைத் தாமதமும் இருக்கிறது. சேர்ந்து படிக்கும் எவரும் மாணவரே என்பதால் முனைவர் பட்ட ஆய்வாளரும் இதற்குள் வருவார்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். நான்காம் ஆண்டில் இருக்கும் ஒரு தலித் மாணவி. மூத்த ஆய்வு நிலையில் மாதம் 42,000 ரூபாய் உதவித்தொகை. ஜூன் 3 அன்று ஆறு மாத அறிக்கையை நெறியாளரிடம் தருகிறார். கையெழுத்து வரவில்லை. “பார்க்கிறேன்” என்ற பதிலோடு ஜூன் போகிறது. அதே நெறியாளரிடம் உள்ள மற்ற இரண்டு மாணவர்களின் அறிக்கைகள் ஒரே வாரத்தில் கையெழுத்தாகிப் போய்விட்டன. சான்று போகாததால் ஜூலையில் உதவித்தொகை நிற்கிறது. அவர் செய்ய வேண்டிய முதல் வேலை புகார் எழுதுவது அல்ல, நேரில் நடந்ததை எழுத்தில் கொண்டுவருவது. “ஐயா, ஜூன் 3 அன்று தங்களிடம் தந்த அறிக்கை கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது. திருத்தம் ஏதும் இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன்” என்று பல்கலைக்கழக மின்னஞ்சலில் மரியாதையாக நான்கு வரி. ஒரு வாரம் கழித்து இன்னொன்று, துறைத் தலைவருக்கும் நகல் போட்டு. அதற்கும் பதில் இல்லையென்றால் பதிவாளருக்கு ஒரு கடிதம். அதைத் தபால் பிரிவில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். நாளை “எங்களிடம் யாரும் சொல்லவே இல்லை” என்று எவரும் சொல்ல முடியாதபடி செய்வது அந்த முத்திரைதான்.

ஆகஸ்ட் 1 அன்று அவர் இணையப் பக்கத்தில் புகாரைப் பதிகிறார் என்று வைப்போம். நிறுவனம் 15 நாட்களுக்குள் தன் கருத்தோடு அதைக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். ‘தன் கருத்தோடு’ என்பதைக் கவனியுங்கள். நிர்வாகம் துறையைக் கேட்கும், துறை நெறியாளரைக் கேட்கும். மாணவி அறைக்குள் நுழைவதற்கு முன்பே நெறியாளரின் கதை குழுவின் கோப்பில் உட்கார்ந்திருக்கும். அதனால் அந்தக் கருத்தின் நகலைத் தனக்கும் தர வேண்டும் என்று புகாரிலேயே கேட்டுவிட வேண்டும். நேரில் போகும்போது தன் சார்பில் ஒருவரை நியமித்துக்கொள்ள விதி இடம் தருகிறது. தனியாகப் போகாதீர்கள்.

குழு 15 வேலை நாட்களுக்குள் பரிந்துரையோடு அறிக்கை தர வேண்டும், அதன் நகல் மாணவருக்கும் வர வேண்டும். வார விடுமுறை, பண்டிகை விடுமுறை எல்லாம் போக அது செப்டம்பர் முதல் வாரத்தைத் தாண்டிவிடும். செப்டம்பர் 10 அன்று முடிவு கைக்கு வந்து, அது நியாயமில்லை என்று பட்டால், மேல்முறையீட்டுக்கு 15 நாள். குழுவுக்கு வேலை நாள் என்று சொல்லும் விதி மாணவருக்கு வெறும் நாள் என்றே சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமையும் கணக்கில் சேரும். செப்டம்பர் 25 கடந்தால் கதவு சாத்தியாகிவிட்டது என்பார்கள். குறைதீர்ப்பாளர் 30 நாட்களுக்குள் முடிக்க முயல வேண்டும், ஆக அக்டோபர் கடைசி. எல்லாம் ஒழுங்காக நடந்தாலே ஏறக்குறைய மூன்று மாதம். ஜூலையிலிருந்து நின்றுபோன உதவித்தொகை மட்டும் 1,68,000 ரூபாய். ஊரில் அந்தப் பணத்தை எதிர்பார்த்து ஒரு குடும்பம் இருக்கும்போது, ‘பொறுத்துப் போ’ என்பது ஏன் அறிவுரையாகிறது என்று இப்போது புரியும். ஆகவே உதவித்தொகைச் சான்றில் மட்டும் துறைத் தலைவரோ டீனோ இடைக்காலமாகக் கையெழுத்திட வேண்டும் என்ற கோரிக்கையைப் புகாரின் முதல் பக்கத்திலேயே தனியாக வைக்க வேண்டும். முடிவு வர மூன்று மாதமாகலாம், சோறு அதுவரை காத்திருக்காது.

புகாரில் என்ன எழுதுவது? “மன உளைச்சல் தருகிறார், சாதி பார்க்கிறார்” என்று மட்டும் எழுதினால் அது உண்மையாக இருந்தாலும் குழு அதை ‘குருவுக்கும் மாணவிக்கும் இடையே கருத்து வேறுபாடு’ என்று எழுதி மூடிவிடும். சாதியை ஒப்பிட்டுத்தான் காட்ட முடியும். ஒரே நெறியாளர், ஒரே பருவம், மூன்று அறிக்கைகள். இரண்டு ஒரு வாரத்தில் கையெழுத்தாயின, ஒன்று எட்டு வாரமாகக் கிடக்கிறது. ஆய்வகச் சாவி யார் யாரிடம் இருக்கிறது, யாரிடம் இல்லை. கட்டுரைகளில் யார் பெயர் சேர்ந்தது, யார் பெயர் விடுபட்டது. குழுக் கூட்டத்தில் ‘திருப்தியில்லை’ என்று எழுதப்பட்டதா, விதி கேட்கும் காரணம் அதன் கீழே எழுதப்பட்டதா. இவற்றைத் தேதி வரிசையில் ஒரு பக்க அட்டவணையாகத் தர வேண்டும். பாகுபாட்டுப் புகார்களைக் கேட்கும்போது குறைதீர்ப்பாளர் ஒருவரின் உதவியைப் பெறலாம் என்று விதியில் ஓர் இடம் இருக்கிறது. நீதிமன்றங்களில் அமிகஸ் கியூரி என்று சொல்வார்களே, அதுதான். அதை அவர் தானாகச் செய்யமாட்டார். சாதியப் பாகுபாட்டை ஆய்ந்தறிந்த ஒருவரை அமர்த்த வேண்டும் என்று மேல்முறையீட்டில் எழுத்து மூலம் கேளுங்கள். மறுத்தால் அந்த மறுப்பும் ஆவணமாகும்.

சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தியிருந்தாலோ, மிரட்டியிருந்தாலோ அது வேறு கணக்கு. அது 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் குற்றமாக இருக்கலாம். குற்றவியல் சட்டப்படி நடவடிக்கை எடுக்க வேண்டிய துன்புறுத்தல் இந்தக் குறைதீர்ப்பு விதிகளுக்கு வெளியே நிற்கிறது. “முதலில் உள்ளே பேசி முடிக்கலாம்” என்று குழு சொன்னால் அதை ஏற்காதீர்கள். காவல் நிலையத்துக்கும் பட்டியல் சாதிகள் ஆணையத்துக்கும் போக எந்தக் குழுவின் அனுமதியும் தேவையில்லை.

இனி இந்த ஏற்பாட்டில் எங்கே ஓட்டை இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். குழுவில் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் ஆகிய மூன்றில் ஒரு பிரிவிலிருந்து குறைந்தது ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது விதி. தாளில் சமூகநீதி போலத் தெரியும். தமிழ்நாட்டில் இதற்கு என்ன பொருள்? பெரும்பாலான ஆசிரியர்கள் பிற்படுத்தப்பட்ட வகுப்பினராக இருக்கும் ஒரு துறையில், ஒரு தலித் மாணவி ஓர் ஆதிக்க இடைநிலைச் சாதி நெறியாளர் மீது புகார் தருகிறார். அதே சாதியைச் சேர்ந்த இன்னொரு பேராசிரியர் குழுவில் இருந்தாலே விதி நிறைவேறிவிட்டது. குழுவில் ஒரு தலித் கூட இல்லாமல் ஒரு தலித்தின் புகாரை விசாரிக்க முடியும், அது சட்டப்படி சரியாகவும் இருக்கும். பார்ப்பனர் - பார்ப்பனரல்லாதார் என்று மட்டும் சாதியைப் பார்க்கப் பழகிய கண்ணுக்கு இந்த ஓட்டை தெரியாது. நம்முடைய இயக்கங்களே இதைப் பற்றிப் போதிய அளவு பேசியதில்லை.

குறைதீர்ப்பாளர் பதவிக்கு அந்த ஒரு நிபந்தனை கூட இல்லை. ஓய்வுபெற்ற துணைவேந்தர், டீனாகவோ துறைத் தலைவராகவோ இருந்து ஓய்வுபெற்ற பேராசிரியர், முன்னாள் மாவட்ட நீதிபதி ஆகியோரில் ஒருவர் வரலாம். நியமிப்பது அதே பல்கலைக்கழகம். நியமனத்துக்கு முந்தைய ஓராண்டும் பதவிக்காலத்திலும் பல்கலைக்கழகத்தோடு நலன் சார்ந்த தொடர்பு இருக்கக் கூடாது என்ற நிபந்தனை உண்டு. ஆனால் முப்பது ஆண்டு ஒன்றாகப் பாடத்திட்டக் குழுக்களிலும் நேர்காணல் குழுக்களிலும் உட்கார்ந்த பழக்கத்தை எந்த ஓராண்டு கழுவிவிடும்? என்னைக் கேட்டால், முன்னாள் மாவட்ட நீதிபதியை நியமிக்கக் கோருவதே நமக்கு நல்லது. அவருக்கு ஆய்வுலகம் தெரியாமல் இருக்கலாம், நெறியாளரோடு தேநீர் குடித்த பழக்கமும் இருக்காது. நியமனமே நடக்காத கதையும் உண்டு. விதி வந்து ஓராண்டுக்கு மேலான பின்பும், 2024 ஜூனில், குறைதீர்ப்பாளரை நியமிக்காத 157 பல்கலைக்கழகங்களின் பட்டியலை யு.ஜி.சி. வெளியிட வேண்டியிருந்தது. அவற்றில் 108 அரசுப் பல்கலைக்கழகங்கள்.

இரண்டாவது ஓட்டை மௌனம். குழு முடிவே சொல்லாமல் இழுத்தால் மேல்முறையீடு செய்ய முடிவு எங்கே? காலக்கெடுவுக்குள் தீராத குறையைப் பல்கலைக்கழகம் குறைதீர்ப்பாளருக்கு அனுப்பலாம் என்கிறது விதி. அனுப்பும் உரிமை பல்கலைக்கழகத்திடம், காத்திருக்கும் சுமை மாணவரிடம். ஆகவே 15 வேலை நாள் முடிந்த மறுநாளே, குறையைக் குறைதீர்ப்பாளருக்கு அனுப்பக் கோரிப் பதிவாளருக்கு எழுதி, குறைதீர்ப்பாளருக்கும் நகல் வைக்க வேண்டும். பொய்ப் புகார் என்று முடிவானால் மாணவர் மீதே நடவடிக்கைக்குப் பரிந்துரைக்கலாம் என்ற பிரிவும் இருக்கிறது. அதைச் சொல்லி மிரட்டுவார்கள். நிரூபிக்க முடியாமல் போன புகார் வேறு, பொய்ப் புகார் வேறு. தேதி போட்ட மின்னஞ்சலும் முத்திரை குத்திய நகலும் வைத்திருப்பவரை இந்தப் பிரிவு எளிதில் தொடாது.

மூன்றாவது ஓட்டை வெற்றிக்குப் பின்னால் இருக்கிறது. நெறியாளரை மாற்றலாம் என்று உத்தரவு வந்துவிட்டது. பல இடங்களில் மாற்றத்துக்குப் பழைய நெறியாளரின் ஆட்சேபணையில்லாக் கடிதம் வேண்டும் என்பார்கள், மீண்டும் அதே கையெழுத்து. புதிய நெறியாளரிடம் இடமும் இருக்க வேண்டும். பேராசிரியருக்கு 8, இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4 ஆய்வாளர்கள் என்பது வரம்பு. இடம் இருப்பவரும் ‘அந்தப் பிரச்சினைக்காரப் பொண்ணா?’ என்று பின்வாங்குவார். அதனால் நெறியாளரைத் தண்டியுங்கள் என்று மட்டும் கேட்டு நிற்கக் கூடாது. ஆட்சேபணையில்லாக் கடிதம் இல்லாமலே மாற்றம், புதிய நெறியாளரை ஒதுக்கும் பொறுப்பு பல்கலைக்கழகத்துக்கு, இழந்த மாதங்களுக்குக் கால நீட்டிப்பு, நிலுவை உதவித்தொகை, தேர்வாளர் பட்டியலிலும் வாய்மொழித் தேர்விலும் பழைய நெறியாளருக்கு இடமில்லை என்பது வரை ஒவ்வொன்றையும் எண் போட்டுக் கேட்க வேண்டும். கேட்காததை எந்தக் குறைதீர்ப்பாளரும் தரமாட்டார்.

இவ்வளவும் சொன்ன பிறகு கோட்டயத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் நானோ அறிவியல் மையத்தில் ஆய்வு செய்த தலித் ஆய்வாளர் தீபா பி. மோகனன், மைய இயக்குநரின் சாதியப் பாகுபாட்டால் தன் ஆய்வு பத்தாண்டாக முடங்கியது என்று குற்றம் சாட்டினார். பல்கலைக்கழகக் குழு, உயர் நீதிமன்றம் என்று படியேறிப் பார்த்தவர் அவர். கடைசியில் 2021 அக்டோபர் 29 அன்று பல்கலைக்கழக வாசலில் உண்ணாநிலையில் அமர்ந்தார். அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான் இயக்குநர் அந்தப் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். துணைவேந்தரே மையத்தின் பொறுப்பை ஏற்றார், ஆய்வை முடிக்க வசதிகளும் கால நீட்டிப்பும் உறுதியளிக்கப்பட்டன. துணைவேந்தருக்கு அந்த அதிகாரம் போராட்ட நாட்களில் புதிதாக வந்ததல்ல. முதல் நாளும் இருந்தது. ஒரு படி மேலே இருப்பவர் கேட்பதற்கு ஒருவர் பட்டினி கிடக்க வேண்டியிருந்தது.

ஆகவே நம் மாணவர் அமைப்புகள் கேட்க வேண்டியவை மிகச் சிறிய, மிகத் திட்டவட்டமான விஷயங்கள். ஒவ்வொரு டாக்டோரல் கமிட்டிக் கூட்டத்திலும் கடைசிப் பத்து நிமிடம் நெறியாளர் வெளியே போக வேண்டும். எல்லா மாணவருக்கும், புகார் இருந்தாலும் இல்லாவிட்டாலும். பிரிட்டனின் சில பல்கலைக்கழகங்களில் ஆண்டு மதிப்பீட்டில் நெறியாளர் இல்லாமல் மாணவரிடம் பேசும் வழக்கம் இருக்கிறது, இதற்குச் செலவு எதுவும் இல்லை. குழுவின் ஒருங்கிணைப்பு நெறியாளரிடமிருந்து விலக வேண்டும். சாதியப் பாகுபாட்டுப் புகாரை விசாரிக்கும் குழுவில் பட்டியல் சாதி அல்லது பழங்குடி உறுப்பினர் கட்டாயமாக வேண்டும், ‘அல்லது பிற்படுத்தப்பட்டோர்’ என்ற சொல் அங்கே போதாது. புகார் நிலுவையில் இருக்கும் வரை உதவித்தொகைக் கையெழுத்து நெறியாளரிடம் இருக்கக் கூடாது.

இதற்கெல்லாம் முன்னால் இந்த வாரமே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. உங்கள் பல்கலைக்கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள். குறைதீர்ப்பாளரின் நியமன ஆணை நகல், குழு உறுப்பினர்களின் பட்டியல், இதுவரை வந்த மேல்முறையீடுகளின் எண்ணிக்கை, அவற்றில் பாகுபாடு குறித்தவை எத்தனை, நிறைவேற்றப்பட்ட பரிந்துரைகள் எத்தனை. முப்பது நாளில் பதில் வர வேண்டும். மேல்முறையீடு ‘இல்லை’ என்று வந்தால், அங்கே குறையே இல்லை என்று நிர்வாகம் சொல்லும். நமக்குத் தெரியும், அந்தச் சுழியத்துக்குள் எத்தனை பேர் பொறுத்துப் போனார்கள் என்று.